எட்டின் மூன்றில் இரண்டு அடுக்கு

8² என்றால் எட்டை எட்டால் பெருக்க வேண்டும் என்று தெரியும். 8^(2/3) என்று எழுதியிருந்தால்? எட்டை மூன்றில் இரண்டு தடவை எழுதிப் பெருக்க முடியாதே!

‘தடவை’ என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, அடுக்கு விதியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரே அடிமானம் கொண்ட எண்களைப் பெருக்கினால் அடுக்குகள் கூடும். இந்த விதி பின்னத்துக்கும் பொருந்த வேண்டுமானால், 8^(1/3) என்ற எண்ணை மூன்று முறை பெருக்கும்போது அடுக்குகள் 1/3 + 1/3 + 1/3 எனக் கூடி 1 ஆகிவிடும். அதாவது விடை 8. மூன்று முறை பெருக்கினால் 8 தரும் எண் 2. ஆக 8^(1/3) என்பது எட்டின் கனமூலமேதான். மூன்றில் இரண்டு அடுக்கு என்பது அந்த 2ஐ இரண்டு முறை எழுதிப் பெருக்குவது: 2 × 2 = 4.

நியூட்டன் 1676இல் லைப்னிட்சுக்காக எழுதிய கடிதத்தில், மூலக்குறிக்குப் பதிலாக இப்படித்தான் பின்ன அடுக்குகளை எழுதினார்.

எட்டை முதலில் வர்க்கம் எடுத்து 64 ஆக்கி, பிறகு கனமூலம் கண்டாலும் அதே 4தான். ஆனால் கையால் போடும்போது மூலத்தை முதலில் எடுப்பதே நல்லது. 125^(2/3) கணக்கில் வர்க்கத்தில் தொடங்கினால் 15,625இன் கனமூலத்தைத் தேட வேண்டியிருக்கும். மூலத்தில் தொடங்கினால் 5, அதன் வர்க்கம் 25, கதை முடிந்தது.

மாணவர்கள் சிலர் எட்டை 2/3ஆல் பெருக்கி 5.33 என்று எழுதிவிடுவார்கள். 4³ = 64 = 8² என்று திருப்பிப் பார்த்தால் சரியான விடை தெரிந்துவிடும்; 5.33ஐ வைத்துப் பார்த்தால் 151ஐத் தாண்டிவிடுகிறது. கால்குலேட்டரில் அடைப்புக்குறி போடாமல் 8^2/3 என்று தட்டினால் 21.33 வரும். அது முதலில் 64 கண்டு, பிறகு மூன்றால் வகுக்கிறது. 8⁰ = 1, 8¹ = 8. இடைப்பட்ட அடுக்குக்கு எட்டைத் தாண்டிய விடை வந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

இந்த 2/3 எங்கே பயன்படும்? கன அளவிலிருந்து பரப்புக்குப் போகும் இடத்தில். 8 கன செ.மீ. கொண்ட கனசதுரப் பனிக்கட்டியின் பக்கம் 2 செ.மீ.; அதன் ஒரு முகத்தின் பரப்பு 4 சதுர செ.மீ. கனமூலம் எடுப்பது கன அளவிலிருந்து நீளத்துக்கு இறங்குவது. வர்க்கம் எடுப்பது நீளத்திலிருந்து பரப்புக்கு ஏறுவது. ஆறு முகங்களுக்கும் சேர்த்து 24. அதே பனிக்கட்டியை 1 செ.மீ. பக்கமுள்ள எட்டுத் துண்டுகளாக வெட்டினால் மொத்தப் பரப்பு 48 ஆகிவிடும். அதனால்தான் துண்டுகள் சீக்கிரம் கரைகின்றன.

இதில் ஒரு நிபந்தனை உண்டு: வடிவம் மாறக் கூடாது. அதே 8 கன செ.மீ. பனிக்கட்டி நான்குக்கு இரண்டுக்கு ஒன்று எனத் தட்டையாக இருந்தால் பரப்பு 28 ஆகிவிடும்.