எப்போது என்று கேட்காத வேண்டுதல்

புறநானூற்றில் 'பரிசில் கடாநிலை' என்று ஒரு துறை உண்டு. தருகிறேன் என்ற புரவலன் நாளைக் கடத்துகிறான், புலவன் வாசலில் காத்துக்கிடக்கிறான். அந்த நிலையில் நின்று பாடுவது. காத்திருப்பவனுக்கென்றே இலக்கணத்தில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இன்று அந்த வாசலில் நிற்பவர்கள் வேலை தேடுகிறவர்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். ஐந்து ஆண்டு காத்திருந்தும் வேலை அமையாத பட்டதாரிக்குத் தமிழ்நாடு அரசு, குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால், மாதம் 600 ரூபாய் உதவித்தொகை தருகிறது. அரசே நெடுங்காலம் என்று ஒப்புக்கொள்ளும் காத்திருப்பு இது.

அவர்களுக்கென்று ஒரு பிரார்த்தனைக் கவிதை எழுதினால் அதில் என்ன இருக்க வேண்டும்? கோயில் வாசலிலும் தேவாலயத்திலும் கிடைக்கும் துண்டுப் பிரசுரங்களில் இதற்கான வேண்டுதல்கள் உண்டு. பெரும்பாலும் 'துன்பம் நீங்கும், கதவு திறக்கும்' என்ற அளவில் நின்றுவிடுபவை. எந்தத் துன்பம், யார் வீட்டுக் கதவு என்று அவை சொல்வதில்லை. இந்தக் கட்டுரைக்காக எழுதிய ஒன்றை முதலில் படியுங்கள்.

இறைவா,
இன்றும் போன் அடித்தது. கடன் அட்டை விற்கிறவர்கள்தான்.
எடுப்பதற்குள் நெஞ்சு எங்கெல்லாமோ போய்வந்தது, நீ பார்த்திருப்பாய்.
'இப்ப என்ன பண்றே தம்பி' என்பார்களே என்று
கல்யாண வீட்டுக்குப் பந்தி முடிந்த பிறகே போனேன்.
அப்பா ஒன்றும் கேட்பதில்லை.
கேட்காமலிருக்க அவர் படும் பாடு எனக்குத் தெரிகிறது.
பயமாயிருக்கிறது. வயது ஏறுகிறது.
கூடப் படித்தவன் வீடு கட்டுகிறான்.
வயிறு எரிகிறது, இல்லை என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.
எனக்கு ஒரு வேலை கொடு.
மாதம் பிறந்தால் அம்மா கையில் வைக்க ஒரு சம்பளம் கொடு.
எப்போது என்று நீ சொல்லவில்லை; இன்று நானும் கேட்கவில்லை.
நாளைக் காலை எழுந்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு
இன்னொரு விண்ணப்பம் எழுத எனக்குக் கை வர வேண்டும்.
அதுவரை வேலையில்லாதவன் என்று மட்டும் என்னைப் பார்க்காதே.
எனக்கு ஒரு பெயர் இருக்கிறது.

பாதிக்கு மேல் கவலைதான். சாமி கும்பிடும்போது இவ்வளவு புலம்பலாமா என்று சிலருக்குத் தோன்றும். குமணனிடம் போன பெருஞ்சித்திரனார் புலம்பியதை நினைத்துக்கொள்ளலாம். புறநானூற்றின் 160ஆம் பாட்டில் அவர் தன் வறுமையைப் பொதுவாகச் சொல்லவில்லை. பிள்ளை வெறும் பானையைத் திறந்து பார்த்து அழுகிறது; தாய் புலி வருகிறது என்று பயமுறுத்துகிறாள், நிலாவைக் காட்டுகிறாள். எதற்கும் அழுகை நிற்கவில்லை. அப்பாமேல் கோபம் வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வாய், காட்டு என்று கேட்கிறாள். கொடுக்கிறவனுக்கு அந்தப் பானை கண்ணில் தெரிய வேண்டும் என்பதுதான் கணக்கு. நம் கவிதையில் கடன் அட்டைக்காரரின் போனும் பந்தி முடிந்த கல்யாண வீடும் அந்த வேலையைச் செய்கின்றன. 'என் கவலைகள் பல' என்று எழுதியிருந்தால் வாசிப்பவருக்கும் அதில் இடமில்லை, கேட்கிற கடவுளுக்கும் விவரமில்லை.

பொறாமையை ஏன் சேர்க்க வேண்டும்? நீண்ட காத்திருப்பில் பயத்தைவிட அதுதான் மனிதரை அரிக்கிறது என்பது என் எண்ணம். வெளியே சொல்ல முடியாததாலேயே அதற்குப் பிரார்த்தனையில் இடம் வேண்டும். ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர வேண்டும்; இரண்டாவது வரி போனால் நண்பனைப் பற்றிய கவிதையாகிவிடும்.

வேண்டுதல் நேராக வருகிறது: வேலை கொடு, சம்பளம் கொடு. 'உன் சித்தம்போல் ஆகட்டும்' என்று மட்டும் முடித்துக்கொள்வது பணிவாகத் தோன்றும். ஆனால் பசித்தவர் தட்டை நீட்டாமலே இருப்பதுபோல் அது. நம் பக்தி மரபில் இந்தக் கூச்சம் கிடையாது. பெரிய புராணம் சொல்லும் திருவீழிமிழலைக் கதையில், பஞ்ச காலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் கோயிலில் தினம் காசு கிடைக்கிறது. சம்பந்தரின் காசை மாற்றக் கடையில் வட்டம் பிடிக்கிறார்கள், அடியார்களுக்குச் சமைக்க நேரமாகிறது. அந்தக் குறையை நீக்கி நல்ல காசு கொடு என்று அவர் பதிகமே பாடினார். கிடைத்ததன் தரத்தைப் பற்றிக்கூடச் சாமியிடம் பேசலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம்பிக்கை வரிகளில்தான் இந்த வகைக் கவிதை பெரும்பாலும் கெட்டுப்போகிறது. 'விரைவில் கிடைக்கும்', 'இந்த மாதம் விடியும்' என்று எழுதிவிட்டால், அடுத்த குரூப் 4 பட்டியலில் பதிவெண் இல்லாத அன்று அந்தக் கவிதை பொய்யாகிறது. அதைச் சொல்லிக் கும்பிட்டவருக்குக் கடவுளும் பொய்யாகத் தெரிகிறார். எழுதியதைச் சோதிக்க ஒரு வழி: நேர்காணலில் தள்ளிவிட்ட மறுநாள் காலை அதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது. தொண்டை அடைக்கும் வரி இருக்கலாம்; எரிச்சல் வரும் வரியை அடித்துவிட வேண்டும். அதனால்தான் இங்கே நம்பிக்கை தேதியைத் தொடவில்லை, நாளைக் காலைச் சட்டையோடு நின்றுவிடுகிறது. 'இன்று நானும் கேட்கவில்லை' என்பதில் 'இன்று' இருப்பதைக் கவனியுங்கள். நாளைக்கு அவர் கேட்கலாம்.

பைபிளின் 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். எத்தனை காலம் என்ற கேள்வி தொடக்கத்தில் நான்கு முறை வருகிறது. கடைசியில் நிலைமை எதுவும் மாறியதாகச் சொல்லாமலே பாட்டுக்குத் திரும்புகிறது. 88ஆம் சங்கீதமோ திரும்புவதே இல்லை, இருளிலேயே முடிகிறது. அதையும் வேத புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒருநாள் கடைசி ஐந்து வரிகளைச் சொல்ல வாய் வரவில்லையென்றால் 'சம்பளம் கொடு' என்பதோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை.

பெயர் பற்றிய முடிவு ஔவையாரின் வழியில் வந்தது. அதியமான் பரிசிலைத் தாமதித்தபோது வாயில் காவலனைப் பார்த்து அவர் பாடிய பாட்டு புறநானூற்றில் 206. அவன் தன்னை அறியானா, என்னை அறியானா என்று கேட்டு, எந்தத் திசையில் போனாலும் சோறு உண்டு என்று யாழை எடுத்துக் கட்டுகிறார். வீட்டுக்கடன் உள்ளவருக்கு அந்தத் துணிச்சல் வராது. என்றாலும் காத்திருப்பதாலேயே ஒருவர் சிறுத்துப்போவதில்லை என்பதை வேண்டுதலுக்குள்ளேயே சொல்லி வைக்கலாம்.

இந்தக் கவிதையில் இருப்பவர் ஒரு மகன். பெண்கள் சொல்லும்போது கல்யாண வீட்டு வரி மாறும். அவர்களிடம் கேட்கும் கேள்வி வேறு, 'வேலையா, வரனா' என்பது. நாற்பத்தைந்து வயதில் வேலை போனவருக்கு அப்பாவின் இடத்தில் பள்ளிக் கட்டணம் கேட்கும் பிள்ளை வரலாம். கவலை வரிகளை அவரவர் மாற்றிக்கொள்ளட்டும். வேண்டுதல் வரியை மட்டும் மழுப்பாமல் வைத்துக்கொள்ளுங்கள். வேலை கிடைத்த பிறகு எதைச் சொல்வது என்பதற்கும் பெருஞ்சித்திரனாரிடம் பாட்டு இருக்கிறது. 163ஆம் பாட்டில், குமணன் தந்ததை எல்லோருக்கும் கொடு, என்னையும் கேட்டுக்கொண்டிருக்காதே என்கிறார் மனைவியிடம்.