எட்டுக்கு எட்டு: கோதிக் நற்செய்தியில் ஒரு வரி

கோதிக் மொழியில் இன்று எஞ்சியிருப்பவற்றில் பெரும்பகுதி பைபிள் மொழிபெயர்ப்புதான். நான்காம் நூற்றாண்டில், டான்யூப் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த கோத் மக்களின் ஆயரான வுல்ஃபிலா கிரேக்கத்திலிருந்து அதைச் செய்தார் என்பது மரபு. கிரேக்க எழுத்துகளை அடிப்படையாக வைத்து, லத்தீனிலிருந்தும் ரூன் எழுத்துகளிலிருந்தும் சிலவற்றைச் சேர்த்து, அதற்கென்றே ஓர் எழுத்து முறையையும் அவர் உருவாக்கினார். அவர் கைப்பட எழுதியது எதுவும் கிடைக்கவில்லை. நற்செய்திகளுக்கு நமக்குள்ள முக்கிய ஆதாரம் ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் எழுதப்பட்ட 'வெள்ளிச் சுவடி'. ஊதா நிறத் தோலில் வெள்ளி, தங்க மையால் எழுதிய அந்தச் சுவடியின் 336 ஏடுகளில் 188 மிஞ்சியுள்ளன. அவற்றில் 187 சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. மற்ற ஒன்று 1970-இல் ஜெர்மனியின் ஷ்பையர் பேராலயத்தில் அகப்பட்டது.

இந்த மொழிபெயர்ப்பின் ஒரு வரியைப் படிக்க மொழியியலாளர்கள் முதலில் செய்வது, அதற்குரிய கிரேக்க வரியை மேலே எழுதி, கோதிக் வரியைக் கீழே எழுதி, சொல்லுக்குச் சொல் நேர் நிறுத்துவது. வுல்ஃபிலா மூலத்தின் சொல்வரிசையைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றியதால் இந்த முறை நன்றாகவே பலிக்கிறது. ஆனால் எது ஒத்துப்போகிறது என்பதைவிட எது ஒத்துப்போகவில்லை என்பதில்தான் செய்தி இருக்கிறது. பரமண்டல ஜெபத்தில் அன்றாட அப்பத்தைக் கேட்கும் வரியில், அதாவது மத்தேயு ஆறாம் அதிகாரத்தின் 11-ஆம் வசனத்தில், இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கீழே வரும் சொற்களின் ஒலிப்பு தமிழ் எழுத்தில் ஏறக்குறையத் தரப்பட்டுள்ளது.

அந்த வரியில் கிரேக்கச் சொற்கள் எட்டு. கோதிக்கிலும் எட்டு. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் முதலுக்கு முதல், இரண்டுக்கு இரண்டு என்று இணைத்துவிடுவார். அப்படி இணைத்தால் தொடக்கமே பிசகும். கிரேக்கத்தின் முதல் சொல் 'தொன்'. அது ஆங்கிலத்தின் 'தி' போன்ற ஒரு சுட்டு. இரண்டாவது 'ஆர்தொன்', அப்பம் அல்லது ரொட்டி. கோதிக் வரியோ 'ஹ்லைஃப்' என்று தொடங்குகிறது. ஆங்கிலத்தில் ரொட்டியைக் குறிக்கும் 'லோஃப்' இதன் உறவுச் சொல். ஆகவே கோதிக்கின் முதல் சொல் கிரேக்கத்தின் இரண்டாம் சொல்லுக்கு நேராக நிற்க வேண்டும். முதல் 'தொன்'னுக்குக் கீழே இடம் காலி.

கிரேக்கத்தில் மூன்றாவது 'ஹேமோன்', எங்களுடைய. அது ஆறாம் வேற்றுமையில் நிற்கும் ஒரு பிரதிப்பெயர். அப்பத்தின் வேற்றுமை எதுவானாலும் வடிவம் மாறாது. அதற்கு நேரான கோதிக் சொல் 'உன்ஸரன'. இதுவும் பெயருக்குப் பின்னால், மூலத்தில் உள்ள அதே இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் இது பெயரடையாக நடந்துகொள்கிறது. ரொட்டி ஆண்பால், ஒருமை, இரண்டாம் வேற்றுமை என்பதால் 'எங்கள்' என்ற சொல்லும் அதே பால், எண், வேற்றுமை விகுதியை ஏற்றுக்கொள்கிறது. இடம் கிரேக்கத்துடையது, இலக்கணம் கோதிக்குடையது. வரி முழுவதும் இப்படித்தான் போகிறது என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது மறுபடியும் 'தொன்'. இந்த முறை கோதிக் அதை விடவில்லை. 'தன' என்ற சுட்டு சரியாக அதே இடத்தில் வருகிறது. அதன் பின் கிரேக்கத்தில் 'எபியூஸியொன்'. இதன் பொருள் பற்றிப் பழங்காலத்திலிருந்தே விவாதம் உண்டு. கோதிக்கில் 'ஸின்தீனன்', அதாவது தினசரி, இடைவிடாத. இந்தப் பெயரடையின் ஈறும் கவனிக்கத்தக்கது. கோதிக் பெயரடைகளுக்கு 'வல்லியல்', 'மெல்லியல்' என்று சொல்லத்தக்க இரண்டு விகுதி வரிசைகள் உண்டு. முன்னால் சுட்டு வந்தால் பொதுவாக மெல்லியல் விகுதி வரும். இங்கே இருப்பது அதுதான். ஆக 'தன' என்பது வெறுமனே கிரேக்கத்தைப் பார்த்து ஒட்டிய சொல் அல்ல. தன் பின்னால் வரும் சொல்லின் வடிவத்தையும் அது பிடித்து வைத்திருக்கிறது.

பிறகு 'தோஸ்', கொடு என்னும் ஏவல். கோதிக்கில் 'கிஃப்'. பின் 'ஹேமின்', எங்களுக்கு. கோதிக்கில் 'உன்ஸ்'. இரண்டும் நான்காம் வேற்றுமைப் பொருளில் இடம் மாறாமல் நிற்கின்றன. இங்கே நின்று பார்க்க அதிகமில்லை. கடைசிச் சொல் 'சேமெரொன்', இன்று. இதற்குக் கோதிக்கில் இரண்டு சொற்கள்: 'ஹிம்ம தக'. முதலாவது 'இந்த', இரண்டாவது 'நாள்'. இரண்டும் நான்காம் வேற்றுமையில் நின்று 'இந்த நாளில்' என்று காலத்தைக் குறிக்கின்றன.

கணக்கு இப்போது விளங்குகிறது. தொடக்கத்தில் ஒரு சொல் குறைந்தது, முடிவில் ஒன்று கூடியது, எட்டுக்கு எட்டு சரியாகிவிட்டது. அதுவும் பதிப்பாசிரியர்களின் எட்டுதான். சுவடியில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது; எழுத்துகள் தொடர்ந்து ஓடும். 'ஹிம்ம தக'வைச் சேர்த்து ஒரு சொல்லாக எண்ணினால் ஏழாகிவிடும். எனவே சொல் எண்ணிக்கையை நம்பி இணைப்பதில் பொருளில்லை. ஒவ்வொரு சொல்லின் வேற்றுமையையும் பொருளையும் பார்த்துத்தான் கோடு போட வேண்டும்.

விடுபட்ட சுட்டு மறதியால் விடுபட்டதா? ஒரே வரியை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதற்கு முந்தைய வசனங்களில் தெய்வத்தின் பெயர், ஆட்சி, சித்தம் என்று மூன்று பெயர்கள் வருகின்றன. மூன்றுக்கும் கிரேக்கத்தில் முன்னால் சுட்டும் பின்னால் 'உம்முடைய' என்ற சொல்லும் உண்டு. கோதிக் மூன்றிலும் சுட்டை விட்டுவிட்டு, 'உம்முடைய'வை மட்டும் பெயருக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறது. அப்பத்திலும் அதே கதைதான். கோதிக்கின் சுட்டு இன்னும் 'அந்த' என்ற கனத்தை இழக்காத சொல். கிரேக்கத்தில் போல எல்லாப் பெயருக்கும் முன்னால் அது வந்து நிற்காது. ஆனால் இதை விதியாக்கிவிடவும் கூடாது. அடுத்த வசனத்தில் 'எங்கள் கடனாளிகளுக்கு' என்னும் இடத்தில் 'தைம் ஸ்குலம் உன்ஸரைம்' என்று சுட்டும் வருகிறது, 'எங்கள்' என்பதும் வருகிறது. பழக்கம் என்று சொல்லலாம், சட்டம் என்று சொல்ல முடியாது.

கூடுதலாக வந்த சொல் இன்னும் பயனுள்ளது. மூலத்தில் ஒரே சொல் இருக்கும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் இரண்டு போட்டால், அந்த இரண்டில் எது முன், எது பின் என்று கிரேக்கம் அவருக்குச் சொல்லித் தராது. அங்கே அவர் தன் மொழியின் பழக்கப்படிதான் எழுதியாக வேண்டும். 'ஹிம்ம தக'வில் சுட்டு முன்னால், பெயர் பின்னால். இன்றைய ஜெர்மனில் 'இன்று' என்று பொருள்படும் 'ஹாய்ட்டெ' இதே அமைப்பிலான ஒரு பழைய தொடர் தேய்ந்து உருவான சொல் என்பதால், இது அந்த மொழிக் குடும்பத்தின் சொந்த வழக்கு என்பதில் ஐயமில்லை.

இந்த உத்தியை அடுத்த வசனத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். கிரேக்கம் அங்கே 'எங்கள் கடன்களை' என்று ஒரு பெயர்த்தொடரைத் தருகிறது. கோதிக் அதை ஒரு துணை வாக்கியமாக மாற்றிவிடுகிறது: 'ததீ ஸ்குலன்ஸ் ஸியைம'. அதாவது, நாங்கள் எதற்குக் கடன்பட்டவர்களாக இருக்கிறோமோ அது. கிரேக்கத்தில் இந்த இடத்தில் வினையே இல்லை. ஆகவே 'கடன்பட்டவர்கள்' முன்னால், 'இருக்கிறோம்' பின்னால் என்ற வரிசை கோதிக்கின் சொந்தத் தேர்வு. யோவான் 11-ஆம் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்திலும் இதுவே நடக்கிறது. லாசரு நோயுற்றிருந்தான் என்பதைக் கிரேக்கம் ஒரே வினையால் சொல்ல, கோதிக் 'ஸியுக்ஸ் வாஸ்' என்கிறது; நோயாளி முதலில், இருந்தான் பிறகு. இத்தகைய இடங்களைத் திரட்டித்தான் கோதிக்கில் வினை பின்னால் வரும் சாய்வு இருந்தது என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். மாறாக, அப்ப வரியில் 'கிஃப்' நடுவில் வருவதைக் காட்டி கோதிக் வினை நடுவில் வரும் என்று யாராவது சொன்னால் அது செல்லாது. 'தோஸ்' அங்கே இருந்ததால் 'கிஃப்' அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு சிக்கல் உண்டு. வுல்ஃபிலாவின் கையில் இருந்த கிரேக்கச் சுவடி நம்மிடம் இல்லை. இன்று கடையில் கிடைக்கும் கிரேக்கப் புதிய ஏற்பாடு மிகப் பழைய சுவடிகளை அடியொற்றித் தொகுத்தது. அதை வைத்து இதே ஜெபத்தை 13-ஆம் வசனம் வரை நேர் நிறுத்தினால், முடிவில் ஆட்சியும் வல்லமையும் மகிமையும் உம்முடையவை என்று சொல்லும் கோதிக் பகுதிக்கு மேலே ஒன்றும் இருக்காது. மொழிபெயர்ப்பாளர் தானாகச் சேர்த்துவிட்டார் என்று தோன்றும். உண்மையில் பைசாந்திய மரபைச் சேர்ந்த கிரேக்கச் சுவடிகளில் அந்தப் பகுதி இருக்கிறது. வுல்ஃபிலா பயன்படுத்தியதும் அந்த வகையான பாடம்தான். முழுத் தொடர் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ, மொழிபெயர்ப்பாளரைச் சந்தேகிக்கும் முன் வேறு கிரேக்கப் பாடங்களைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். 1908-இல் வில்ஹெல்ம் ஸ்ட்ரைட்பெர்க் கோதிக்கையும் கிரேக்கத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டார். இன்றும் பலர் அதைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். ஆனால் அதிலுள்ள கிரேக்கம், வுல்ஃபிலாவிடம் எது இருந்திருக்கும் என்று அவர் மீட்டமைத்த பாடம். கோதிக்கைப் பார்த்து ஊகித்த கிரேக்கத்தோடு கோதிக்கை ஒப்பிட்டால், ஒற்றுமை கூடுதலாகத் தெரிவதில் வியப்பில்லை.

லத்தீனையும் ஒதுக்கிவிட முடியாது. வெள்ளிச் சுவடி எழுதப்பட்டது லத்தீன் பைபிள் புழங்கிய இத்தாலியில்; படியெடுத்தவர்கள் அதைப் பார்த்துத் திருத்தியிருக்க வாய்ப்புண்டு. அப்ப வரியில் பழைய லத்தீன் மொழிபெயர்ப்பும் அதே வரிசையில்தான் போகிறது: அப்பம், எங்கள், தினசரி, கொடு, எங்களுக்கு, இன்று. எனவே சொல்வரிசையை வைத்து இங்கே மூலம் கிரேக்கமா லத்தீனா என்று தீர்ப்புச் சொல்ல வழியில்லை. லத்தீனில் சுட்டு கிடையாது என்பதால் 'தன' கிரேக்கத்தின் பக்கம் பேசுகிறது. ஆனால் மெல்லியல் பெயரடைக்குக் கோதிக்கே அந்தச் சுட்டை விரும்பும் என்பதால் அந்தச் சாட்சி அரைச் சாட்சிதான். உறுதியான சாட்சி ஜெபத்தின் முதல் வரியில் கிடைக்கிறது. பரலோகத்தைச் சொல்லும் இடத்தில் கிரேக்கம் வினை இல்லாமல் ஒரு சுட்டை மட்டும் வைக்கிறது. லத்தீன் அங்கே 'இருக்கிறவரே' என்று ஒரு வினையைச் சேர்த்துக்கொள்கிறது. கோதிக் எழுதுவது 'து இன் ஹிமினம்': நீர், இல், வானங்கள். சுட்டின் இடத்தில் 'நீர்' என்னும் சொல் வந்திருக்கிறது, வினை வரவில்லை. லத்தீனைப் பார்த்து எழுதியவர் கண்ணெதிரே இருந்த வினையை விட்டிருக்க மாட்டார்.