முருங்கைக்காய் விலக்கு

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று ராத்திரி என் சித்தியின் அறைக்குள் இன்னொரு பாய் வந்தது. இனிமேல் மாமியார் அங்கேதான் படுப்பார், துணைக்கு என்றார்கள். சித்திக்கு அப்போது 36 வயது. அந்தத் துணை மூன்று வருஷம் நீடித்தது.

"எனக்கு என்னடி பயம்? பயந்தது அவங்கதான்" என்று பல வருஷம் கழித்து என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

சித்தி சொன்னது பழைய விஷயம். புறநானூற்றின் 246ஆம் பாட்டு, பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. தீயில் இறங்கப் போனவளைச் சான்றோர்கள் தடுக்கிறார்கள். உயிரோடு இருந்தால் தனக்கு என்ன வாழ்க்கை காத்திருக்கிறது என்று அவள் அடுக்குகிறாள்: நெய் படாமல் பிழிந்தெடுத்த சோறு, எள் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாய் இல்லாமல் பரல்கல்லின் மேல் படுக்கை. கைம்மை நோன்பு என்பது இதுதான். சாப்பாட்டையும் படுக்கையையும் சேர்த்தே அந்த நோன்பு பிடித்துக்கொண்டது, கவனியுங்கள்.

பிற்காலத்திலும் பல வீடுகளில் இந்த இரண்டும் பிரியவில்லை. ஒருவேளைதான் சோறு. வெங்காயம், பூண்டு, முருங்கைக்காய் கிடையாது. அவை உடம்பைக் கிளப்பிவிடுமாம். கணவன் போனதோடு பெண்ணின் ஆசையும் போய்விடும் என்று ஊர் உண்மையிலேயே நம்பியிருந்தால், அவள் இலையில் விழும் முருங்கைக்காயைப் பற்றி யாருக்கு என்ன கவலை? ஆசை போகாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இத்தனை காவல்.

அதே முருங்கைக்காய்தான் 1983இல் வந்த ‘முந்தானை முடிச்சு’ படத்தில் தியேட்டரையே சிரிக்கவைத்தது. அதில் பாக்யராஜ் மனைவியை இழந்த வாத்தியார், கையில் குழந்தை. அவரை வழிக்குக் கொண்டுவர ஊர்வசி முருங்கைக்காய் சமைத்துப் போடுகிறார். நானும் விழுந்து விழுந்து சிரித்தவள்தான். ஆனால் அந்த வாத்தியார் இடத்தில் தாலி அறுத்த ஒரு டீச்சரை வைத்து அந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

சித்தப்பா தூங்கும்போது சித்தியின் பின்கழுத்தில் முகத்தை வைத்துக்கொள்வாராம். அவர் போனபின் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது. மாமியார் கேட்டபோது சளி என்று சொல்லிவிட்டாள். ஒருநாள் அவர் கனவில் வந்தார். விழித்ததும் உடம்பில் மிச்சமிருந்த இன்பம் அவளைப் பதறவைத்தது. விடியக்காலை நாலு மணிக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். செத்துப்போன சொந்தப் புருஷனைக் கனவில் கண்டதற்கு! "அவருக்கே துரோகம் பண்ணிட்ட மாதிரி இருந்துச்சு" என்றாள்.

எல்லா விதவைகளும் சித்தி போல ஏங்குவதில்லை. குடித்துவிட்டு வந்து அடித்தவன் போனபின் நிம்மதியாகக் கால் நீட்டிப் படுத்தவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்கும் வாய்திறக்க வழியில்லை; அழுதுதான் காட்ட வேண்டும்.

அமெரிக்காவில் ஆலிஸ் ரடோஷ், லிண்டா சிம்கின் என்ற இருவர் 55 வயதைத் தாண்டிய பெண்களிடம், துணை இறந்துபோனால் தாம்பத்திய உறவை இழந்ததாக வருந்துவீர்களா என்று கேட்டார்கள். பெரும்பாலோர் ஆமாம் என்றார்கள். தோழிகளிடம் அதைப் பேச ஆசைதான், ஆனால் தோழிகளே பேச்சை எடுத்தால் நல்லது என்றார்கள். 2016இல் இது வெளியானது. அங்கேயே அப்படியென்றால் நம் ஊரில் பேச்சை எடுப்பது யார்?

மருத்துவர்கூட எடுப்பதில்லை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, பிறப்புறுப்பின் உள்தோல் மெலிந்து வறண்டுபோகும். அரிப்பு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று எல்லாம் அதனால் வரலாம். உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். மருத்துவர் பார்த்து எழுதித்தரும் களிம்பில் பெரும்பாலும் கட்டுப்படும். சித்தி 52 வயதில் இந்த எரிச்சலோடு ஒரு கிளினிக்குக்குப் போனாள். "வீட்டுக்காரர் இருக்காரா?" என்று கேட்டார்கள். இல்லை என்றாள். அதோடு கேள்வி நின்றுபோனது. உள்ளே பரிசோதிக்கவும் இல்லை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ‘இந்த வயசில் உனக்கு அங்கே என்ன?’ என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சத்தில் அவளும் வற்புறுத்தவில்லை. இரண்டு வருஷம் எரிச்சலோடே இருந்தாள்.

பிறகு என்னிடம்தான் சொன்னாள். வேறு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. அந்த இரண்டு வருஷமும் வாராவாரம் அவள் வீட்டுக்குப் போய் வந்தவள்தான் நான். சாப்பிட்டாயா, பிள்ளைகள் பணம் அனுப்பினார்களா என்று கேட்டிருக்கிறேன். வேறொன்றும் கேட்டதில்லை.