புறாக்கூடும் பை எண்ணும்

பத்துப் புறாக்கள் ஒன்பது கூடுகளில் அடைந்தால், ஏதோ ஒரு கூட்டில் இரண்டாவது இருந்தே தீரும். கணிதத்தில் இதற்குப் புறாக்கூடு கொள்கை என்று பெயர். நிரூபிக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. கூட்டுக்கு ஒன்றுக்குமேல் இல்லை என்று வைத்துக்கொண்டால் மொத்தப் புறாக்கள் ஒன்பதைத் தாண்டாது. பத்தாவது எங்கே போகும்? 367 பேர் கூடிய இடத்தில் இருவருக்காவது பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் என்பது இதன் வழக்கமான உதாரணம். அதோடு நின்றுவிட்டால் இது விடுகதைக்கு மட்டுமே உதவும்.

இதை ஒரு நிரூபண முறையாகக் கணிதத்தில் நிலைநிறுத்தியவர் ஜெர்மானியக் கணிதர் டிரிக்லே (1805–1859). அவர் எடுத்துக்கொண்ட கேள்வி தலைகளை எண்ணுவது பற்றியதே அல்ல. √2, π போன்ற விகிதமுறா எண்களைப் பின்னங்களால் எவ்வளவு நெருங்க முடியும் என்பதுதான் அது. அங்கே புறாக்களும் இல்லை, கூடுகளும் இல்லை. இரண்டையும் நிரூபிப்பவரே உருவாக்க வேண்டும். இந்த முறையின் சாமர்த்தியம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் கேள்வியைச் சரியாகப் பார்க்கலாம். பின்னத்தின் பகுதி 100 என்று முடிவு செய்துவிட்டால், எந்த எண்ணுக்கும் 0.005-க்குள் ஒரு பின்னம் கிடைக்கும். நூறில் ஒரு பங்கு இடைவெளியில் பின்னங்கள் வரிசையாக இருப்பதால், எந்த எண்ணும் ஏதோ ஒன்றிலிருந்து பாதி இடைவெளிக்குள் விழுந்துவிடும். இது சாதாரணத் துல்லியம். ஆனால் சில பகுதிகள் இதைவிட மிக நன்றாக வேலை செய்கின்றன. பள்ளியில் π-க்குப் பதிலாக எழுதும் 22/7 அப்படிப்பட்டது. பகுதி வெறும் 7. பிழையோ ஏறக்குறைய 0.0013தான். 7 என்ற பகுதிக்கு இயல்பாக எதிர்பார்க்கக்கூடிய பிழை 0.07 வரை போகலாம். இந்த அதிர்ஷ்டம் π-க்கு மட்டும் வாய்த்ததா, எல்லா எண்ணுக்கும் உண்டா?

டிரிக்லேயின் வழியைப் π-யிலேயே நடத்திப் பார்க்கலாம். π-யின் மடங்குகளை எழுதி, ஒவ்வொன்றிலும் முழு எண்ணைக் கழித்துவிட்டுத் தசமப் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பூஜ்ய மடங்குக்கு 0. முதல் மடங்கு 3.1416, எனவே 0.1416. இரண்டாவது 6.2832, எனவே 0.2832. மூன்றாவதற்கு 0.4248, நான்காவதற்கு 0.5664, ஐந்தாவதற்கு 0.7080, ஆறாவதற்கு 0.8496, ஏழாவதற்கு 0.9911. எட்டாவது மடங்கு 25.1327, எனவே 0.1327. ஆக மொத்தம் ஒன்பது தசமங்கள். இவைதான் புறாக்கள்.

கூடுகளுக்கு 0 முதல் 1 வரையுள்ள நீளத்தை எட்டுச் சமத் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொன்றும் 0.125 அகலம். ஒரு துண்டின் தொடக்கப் புள்ளி அதற்கே சொந்தம், முடிவுப் புள்ளி அடுத்த துண்டுக்குச் சொந்தம் என்று வைத்தால் எந்த எண்ணும் இரண்டுக்கும் நடுவில் தொங்காது. எட்டுக் கூடுகள், ஒன்பது புறாக்கள். இரண்டு எண்கள் ஒரே துண்டில் விழுந்தே ஆக வேண்டும்.

π-யில் இது நடக்கும் விதம் பார்க்கத் தகுந்தது. பூஜ்யம் முதல் ஏழு வரையுள்ள மடங்குகள் முதல் கூட்டிலிருந்து எட்டாவது கூடு வரை கூட்டுக்கு ஒன்றாக வரிசையாக அமர்ந்துவிடுகின்றன. எட்டாவது மடங்குக்கு இடமில்லை. அதன் 0.1327, இரண்டாவது கூட்டில் ஏற்கெனவே இருக்கும் 0.1416-ஓடு போய்ச் சேர்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.0089. எட்டு மடங்கிலிருந்து ஒரு மடங்கைக் கழித்தால் ஏழு மடங்கு. கழித்துவைத்த முழு எண்கள் 25-உம் 3-உம், வித்தியாசம் 22. அதாவது π-யின் ஏழு மடங்கு, 22-லிருந்து 0.0089 மட்டுமே விலகியிருக்கிறது. இருபக்கமும் ஏழால் வகுத்தால் 22/7 வந்து நிற்கிறது.

இந்த வாதத்தில் π-க்கென்று தனியாக எதுவும் பயன்படவில்லை. எந்த எண்ணை எடுத்தாலும், எத்தனை துண்டுகளாக வெட்டினாலும் இதே கதைதான். N துண்டுகளுக்கு 0 முதல் N வரை N+1 மடங்குகள் இருக்கின்றன. ஒரே துண்டில் விழும் இரண்டின் வித்தியாசம் 1/N-ஐ விடக் குறைவு. அந்த இரண்டு மடங்குகளையும் கழித்தால் N-ஐத் தாண்டாத ஒரு பகுதி q கிடைக்கிறது. q-வால் வகுத்ததும் பிழை 1/(N×q)-வை விடக் குறைவு. Q என்பது N-ஐ மீறாததால் 1/q²-ஐ விடவும் குறைவு. எண் விகிதமுறாததாக இருந்தால் இந்தப் பிழை ஒருபோதும் பூஜ்யமாகாது. எனவே N-ஐ இன்னும் பெரிதாக்கினால் பழைய பின்னம் போதாமல் புதிய பின்னம் ஒன்று கிடைத்தாக வேண்டும். இப்படி முடிவில்லாமல் பின்னங்கள் வந்துகொண்டேயிருக்கும். முழுப் பின்னமாகவே எழுதக்கூடிய எண்ணுக்கு இது நடக்காது. ஒரு கட்டத்தில் பிழை பூஜ்யமாகி ஆட்டம் முடிந்துவிடும்.

உத்தரவாதம் உறுதியானது, ஆனால் தாராளமானதல்ல. சீனாவில் ஐந்தாம் நூற்றாண்டில் சூ சொங்ஜி கண்ட 355/113-ஐப் பார்த்தால் இது தெரியும். டிரிக்லே தரும் வாக்கு 1/113², அதாவது சுமார் 0.00008. உண்மைப் பிழையோ 0.0000003-ஐக் கூட எட்டவில்லை. புறாக்கூடு கொள்கை எப்போதும் மிக மோசமான நிலையைத்தான் கணக்கில் எடுக்கும். நல்ல அதிர்ஷ்டத்தை அது அறியாது. வேறு வழிகளில் இந்த எல்லையை இறுக்கலாம். 1/q² என்பதற்குப் பதில் அதையும் √5-ஆல் வகுத்த அளவு போதும் என்று ஹுர்விட்ஸ் 1891-இல் காட்டினார். அதற்கு மேல் எல்லா எண்ணுக்கும் பொருந்தும்படி இறுக்க முடியாது; பொன் விகிதம் தடுத்துவிடும்.

இங்கிருந்து அடுத்த படி இன்னும் சுவையானது. x² − d·y² = 1 என்ற சமன்பாட்டுக்கு முழு எண் தீர்வு உண்டா என்பது பழைய கேள்வி. இங்கே d வர்க்க எண்ணாக இருக்கக் கூடாது; y = 0 என்ற சும்மா தீர்வும் கணக்கில் இல்லை. ஆய்லர் செய்த ஒரு பெயர்க்குழப்பத்தால் இதைப் பெல் சமன்பாடு என்கிறார்கள். பெல்லுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. பிரம்மகுப்தர் 628-லேயே இதைக் கையாண்டிருக்கிறார்.

d = 61 என்று எடுத்துக்கொள்வோம். √61 விகிதமுறா எண் என்பதால், அதற்கு 1/q² பிழைக்குள் முடிவில்லாத p/q பின்னங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் p² − 61q² என்ன என்று கணக்கிட வேண்டும். 8/1-க்கு 64 − 61 = 3. 39/5-க்கு 1521 − 1525 = −4. பின்னம் √61-ஐ இவ்வளவு நெருங்கியிருப்பதால் இந்த விடை ஒருபோதும் பெரிதாக முடியாது. அது 1 + 2√61-க்குள், அதாவது 16.7-க்குள் அடங்கிவிடுகிறது. விடை முழு எண், பூஜ்யமும் ஆகாது. எனவே −16 முதல் 16 வரை முப்பத்திரண்டு கூடுகள்தான் இருக்கின்றன. புறாக்களோ முடிவில்லாதவை. ஏதோ ஒரு கூட்டில் முடிவில்லாத பின்னங்கள் குவிந்தே ஆக வேண்டும். அந்தக் கூட்டின் எண்ணை k என்று வைக்கலாம்.

இன்னும் ஒருமுறை கூடு கட்ட வேண்டும். குவிந்த பின்னங்களில் p-யையும் q-வையும் k-யால் வகுத்தால் வரும் மீதிகளைப் பார்த்துப் பிரித்தால், அதிகபட்சம் 16 × 16 = 256 கூடுகள். மறுபடியும் முடிவில்லாத புறாக்கள். ஆகவே ஒரே k-யும் ஒரே மீதிகளும் உள்ள இரண்டு வேறு பின்னங்கள் கிடைக்கின்றன. இந்த இரண்டையும் பிரம்மகுப்தரின் பாவனா முறையில் பெருக்கிச் சேர்த்து k-யால் வகுத்தால், மீதிகள் ஒன்றாக இருப்பதால் வகுத்தல் மீதியின்றி முடிந்து, முழு எண் தீர்வு ஒன்று விழுகிறது.

கையால் சரிபார்க்க d = 3 எளிது. 1/1-க்கு 1 − 3 = −2. 5/3-க்கு 25 − 27 = −2. இரண்டுக்கும் k ஒன்றே. நான்கு எண்களும் ஒற்றைப்படை, ஆக 2-ஆல் வகுத்தால் மீதியும் ஒன்றே. x-க்கு 1×5 − 3×1×3 = −4, அதை −2-ஆல் வகுத்தால் 2. y-க்கு 5×1 − 1×3 = 2, அதை −2-ஆல் வகுத்தால் −1; வர்க்கத்தில் குறி போய்விடும். 2² − 3×1² = 1. தீர்வு வந்துவிட்டது.

வாதம் எங்கே உடையும் என்பதும் இதில் தெரிகிறது. கூடுகள் எல்லாப் புறாக்களுக்கும் இடம் தர வேண்டும். ஒன்றுகூட வெளியே நிற்கக் கூடாது. கூடுகளின் எண்ணிக்கை உண்மையிலேயே புறாக்களின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சமமாக இருந்தால் எதுவும் நிரூபணமாகாது. π-யின் முதல் எட்டு மடங்குகள் எட்டுக் கூடுகளில் மோதலே இல்லாமல் அமர்ந்தது இதற்குச் சாட்சி. கூடு கட்டிய விதத்துக்கும் நிரூபிக்க வேண்டியதற்கும் பொருத்தம் இருக்க வேண்டும். மீதிகளைக் கணக்கில் எடுக்காமல் k-யை மட்டும் வைத்துப் பிரித்திருந்தால், கடைசி வகுத்தலில் முழு எண் வரும் என்று சொல்ல முடியாது.

இந்த முறைக்கு நீங்காத குறை ஒன்று உண்டு. தீர்வு இருக்கிறது என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க வேறு கருவி வேண்டும். d = 61-க்கு இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் எழுதிய பீஜகணிதத்தில் சக்கரவாள முறையால் விடையையே எடுத்துக் கொடுத்தார். பெர்மா 1657-இல் இதே எண்ணை ஐரோப்பியக் கணிதர்களுக்குச் சவாலாக விட்டார். d = 60-க்கு மிகச் சிறிய தீர்வு x = 31, y = 4. d = 62-க்கு x = 63, y = 8. நடுவில் இருக்கும் 61-க்கோ x = 1766319049, y = 226153980. புறாக்கூடு வாதம் மூன்றுக்கும் ஒரே வரியைத்தான் சொல்லும்.