வாட்டர்ஃபாலா, ஸ்க்ரமா?

'வாட்டர்ஃபால், ஸ்க்ரம் ஆகிய திட்ட மேலாண்மை முறைகளை ஒப்பிடுக' என்றால், பெரும்பாலான மாணவர்கள் முதல் மூன்று பக்கங்களை வாட்டர்ஃபாலுக்கும் அடுத்த மூன்றை ஸ்க்ரமுக்கும் கொடுக்கிறார்கள். கடைசியில் 'இரண்டிலும் நன்மை தீமை உண்டு' என்று ஒரு வரி. ஒப்பிடும் வேலை திருத்துபவர் தலையில் விழுகிறது.

முதலில் கேள்வியைச் சுருக்க வேண்டும். 'பழைய கணினி அமைப்பை மாற்றும் ஓர் அரசுத் துறைக்கு எது பொருந்தும்?' என்று கேட்டுக்கொண்டால் அளவுகோல்கள் தாமாகவே வரும். நடுவில் தேவை மாறினால் எவ்வளவு இழப்பு? ஓடும் மென்பொருள் எப்போது கண்ணில் படும்? மொத்தச் செலவை முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி ஒதுக்கி, அதற்குள்ளேயே இரண்டு முறைகளையும் எதிரெதிரே நிறுத்த வேண்டும். மூன்றாவது கேள்வியில் வாட்டர்ஃபாலின் கை ஓங்கக்கூடும். அதனால்தான் அது பட்டியலில் இருக்க வேண்டும். ஒரே முறை ஜெயிக்கும் அளவுகோல்களாகப் பொறுக்கியிருந்தால், முடிவை முதலிலேயே எழுதிவிட்டார் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது சான்று. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2006-ல் தொடங்கிய 'சென்டினல்' என்ற வழக்குக் கோப்புத் திட்டம் இதற்குக் கச்சிதமானது. நான்கு கட்டங்களாகப் பிரித்து ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுத்தார்கள். 45.1 கோடி டாலர் பட்ஜெட்டில் சுமார் 40.5 கோடி செலவான பின்பும் இரண்டு கட்டங்கள்தான் முடிந்திருந்தன என்று நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2010-ல் அறிக்கை தந்தார். பிறகு எஃப்.பி.ஐ. வேலையைத் தன் கையில் எடுத்து, சிறு குழுவோடு ஸ்க்ரம் பாணியில், குறுகிய 'ஸ்பிரின்ட்'களாகச் செய்தது. 2012 ஜூலையில் சென்டினல் முழுப் பயன்பாட்டுக்கு வந்தது.

'பார்த்தீர்களா, ஸ்க்ரம் வென்றது' என்று இங்கே பேனாவை மூடுபவர்கள் அதிகம். ஆனால் மாறியது முறை மட்டுமா? ஒப்பந்ததாரரின் பங்கு சுருங்கி நிர்வாகம் நேரடியாக எஃப்.பி.ஐ. கைக்கு வந்தது, ஆட்கள் குறைந்தார்கள், முதல் இரண்டு கட்டங்களின் உழைப்பு கைவசம் இருந்தது. புதிய முறையில் சொன்ன கெடுவும் தள்ளிப்போனது: 2011 செப்டம்பரில் முடிய வேண்டியது. ஆக, சான்று ஸ்க்ரம் பக்கம் சாய்கிறது, நிரூபிக்கவில்லை. இந்த வேறுபாட்டை எழுதும் அந்த ஒரு பத்திக்குத்தான் நான் தாராளமாக மதிப்பெண் போடுவேன்.

முடிவுரை நிபந்தனையோடு நிற்க வேண்டும்: 'பயனாளர்களின் தேவை இன்னும் தெளியாத, சில வாரங்களுக்கு ஒருமுறை வந்து பார்த்துச் சொல்ல அதிகாரிகள் இருக்கும் துறைக்கு ஸ்க்ரம் பொருந்தும். தேவை சட்டத்திலேயே வரையறுக்கப்பட்டு, தொகையும் ஒப்பந்தத்தில் கட்டப்பட்டிருந்தால் வாட்டர்ஃபால்.' எழுதிய பின் ஒரு நிபந்தனையை நீக்கிப் பாருங்கள். முடிவு அசையவே இல்லையென்றால், அந்த அளவுகோல் கட்டுரையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.