‘யாருக்காக இதெல்லாம் பண்றேன்?’

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடா? உங்கள் இருவருக்குமான வாட்ஸ்அப் உரையாடலைத் திறந்து ஒரு மாதத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ‘பால் வாங்கிட்டு வாங்க’, ‘டேர்ம் ஃபீஸ் கட்டியாச்சா?’, ‘கேஸ் புக் பண்ணிட்டேன்’, ‘லேட் ஆகும், சாப்பிட்டுடு’. இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லையென்றால் வீடு நன்றாக நடக்கிறது, நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்று பொருள்.

இந்த நிலையில் இருவரில் ஒருவருக்கு முதலில் பொறுக்காமல் போகும். அவர் ஒரு செய்தி அனுப்புவார். அந்தச் செய்தி பெரும்பாலும் சண்டையில்தான் முடிகிறது. கேட்டது நியாயமாக இருந்தும் ஏன் அப்படி ஆகிறது?

சென்னையில் பல ஆயிரம் வீடுகளுக்குப் பொருந்தக்கூடிய ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். கணவருக்கு பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. வேலை, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கிளையன்ட். அங்கே காலை ஒன்பதரை மணிக்குத் தொடங்கும் மீட்டிங், இங்கே இரவு ஏழு மணிக்கு வரும். வாரத்தில் மூன்று நாள் பகல் பன்னிரண்டுக்கு அலுவலகம் கிளம்பினால் திரும்ப இரவு பதினொன்று. செவ்வாயும் வியாழனும் வீட்டிலிருந்து வேலை. மனைவி பள்ளி ஆசிரியை. காலை ஏழரைக்கு அவர் கிளம்பும்போது கணவர் தூக்கத்தில் இருப்பார். கணவர் வீடு திரும்பும்போது இவர் தூங்கியிருப்பார். யு.கே.ஜி. படிக்கும் ஒரு பெண் குழந்தை, கூடவே கணவரின் அம்மா. ஞாயிற்றுக்கிழமை துணி, மாவு, கல்யாண வீடு என்று ஓடிவிடும்.

ஒரு வியாழன் இரவு ஒன்பதே முக்கால். கணவர் பக்கத்து அறையில் மீட்டிங்கில் இருக்கிறார். மனைவி படுக்கையிலிருந்து இப்படி அனுப்புகிறார்:

“நீங்க எப்பவும் வேலை வேலைன்னே இருக்கீங்க. இந்த வீட்ல நான்னு ஒருத்தி இருக்கறது ஞாபகம் இருக்கா? எனக்குன்னு நேரமே ஒதுக்க மாட்டேங்கறீங்க.”

அரை மணி நேரம் கழித்துப் பதில் வருகிறது: “யாருக்காக இதெல்லாம் பண்றேன்?” உடனே இவர்: “நாங்க கேட்டோமா?” அதற்குமேல் இரண்டு நாளைக்கு வீட்டில் பேச்சில்லை. குழந்தையின் வாயிலாகத்தான் தகவல் போகும்.

மனைவி எழுதிய மூன்று வரியிலும் பொய் இல்லை. ஆனால் அதைப் படிக்கும் கணவரால் செய்யக்கூடியது என்று அதில் எதுவுமே இல்லை. ‘ஞாபகம் இருக்கா?’ என்பதற்கு ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் வம்பு. ‘எப்பவும்’ என்ற சொல்லைப் பார்த்ததும் மனம் விதிவிலக்கைத்தான் தேடும். போன மாதம் லீவு போட்டுக் குழந்தையின் பள்ளி விழாவுக்குப் போனோமே, அது கணக்கில் இல்லையா என்று. கேட்கப்பட்டது நேரம். பதிலில் வந்ததோ உழைப்புக்கான நியாயம். இருவரும் வேறுவேறு வழக்கை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், எழுத்துக்குக் குரல் கிடையாது. 2005-இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சில வாக்கியங்களைக் கேலியாகவும் சிலவற்றை நிஜமாகவும் எழுதி மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 78-ஐ எதிராளி சரியாகப் புரிந்துகொள்வார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். உண்மையில் புரிந்தது ஏறக்குறைய 56. காசைச் சுண்டிப் போட்டுப் பார்த்தாலே ஐம்பது கிடைக்கும். அதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது நிலைமை வெகுவாக மேம்பட்டது. நம் ஆசிரியை ‘நான்னு ஒருத்தி இருக்கறது’ என்று தட்டச்சு செய்தபோது தொண்டை அடைத்திருக்கும். மீட்டிங்கின் நடுவில் அதைப் படித்தவருக்கு அது குத்தலாகத்தான் கேட்டது.

தொடக்கத்தின் தொனி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் சிபில் கரேரும் ஜான் காட்மனும் புதிதாக மணமான 124 தம்பதிகளை ஒரு பிணக்கைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். ஆறு ஆண்டுக்குள் யார் பிரிந்தார்கள் என்பதற்கும், அந்தப் பேச்சின் முதல் மூன்று நிமிடத்துக்கும் தொடர்பு தெரிந்ததாக 1999-இல் எழுதினார்கள். இப்படி விவாகரத்தை முன்கூட்டிச் சொல்லும் கணக்குகளின் துல்லியத்தைக் கேள்வி கேட்ட ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். மூன்று நிமிடத்தில் ஜாதகம் பார்த்துவிடலாம் என்று நானும் நம்பவில்லை. ஆனால் குற்றச்சாட்டில் தொடங்கிய பேச்சு கடைசியில் கனிவாக முடிவது அபூர்வம் என்பதைக் கல்யாணமான யாரும் மறுக்க மாட்டார்கள்.

சரி, அதே ஆசிரியை வேறு எப்படிக் கேட்டிருக்கலாம்?

முதலில் நேரம். அவர் பள்ளியின் இடைவேளை பத்தே முக்காலுக்கு. அப்போது கணவர் எழுந்து காபி குடித்துக்கொண்டிருப்பார், கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும். படித்துவிட்டு யோசிக்க அவகாசம் உள்ள ஒரே பொழுது அது. இரவு மீட்டிங்கில் இருப்பவருக்கு அனுப்பும் செய்தி, என்ன எழுதினாலும், இடைஞ்சலாகத்தான் போய்ச் சேரும்.

அடுத்தது, கேட்கும் பொருள். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். இந்தியாவில் அந்த வழக்கம் இல்லாததால், இங்கே ஏழுக்கு வந்த மீட்டிங் அன்றிலிருந்து எட்டுக்குத் தள்ளிப்போகும். ஐ.டி. வீடுகளில் இதைச் சலித்துக்கொண்டே ஏற்பார்கள், ராத்திரி இன்னும் நீள்கிறதே என்று. ஆனால் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில், முன்மாலையில் ஒரு மணி நேரம் காலியாகிறது. அந்த நேரத்தை இன்னொரு வேலை பிடித்துக்கொள்வதற்கு முன்னால் நாம் பிடித்துக்கொள்ளலாம். செய்தி இப்படி அமையும்:

“என்னங்க, ஒண்ணு கேட்கணும். அவசரமில்ல, நாளைக்குப் பதில் சொன்னாப் போதும். கொஞ்ச நாளா நாம பேசறதெல்லாம் ஃபீஸ், பால், கரண்ட் பில்லுதான். எனக்கு உங்ககூடச் சும்மா பேசிட்டிருக்கணும்போல இருக்கு. இந்த மாசம் ரிலீஸ் இருக்குன்னு தெரியும். அடுத்த வாரத்திலேர்ந்து உங்க கால் எட்டு மணிக்குப் போகுதில்ல? செவ்வாய், வியாழன் ஏழுலேர்ந்து ஏழே முக்கால் வரைக்கும் மொட்டைமாடிக்கு வர்றீங்களா? பாப்பாவை அத்தை பாத்துக்கறேன்னுட்டாங்க. அந்த நேரம் சரிப்படலேன்னா வேற எதுன்னு சொல்லுங்க.”

இதிலும் மனக்குறை இருக்கிறது, மறைக்கவில்லை. ஃபீஸ், பால், கரண்ட் பில் என்ற வரிதான் அது. கணவர் தன் போனிலேயே மேலே தள்ளிப் பார்த்தால் உண்மை தெரியும், மறுத்துப் பேச இடமில்லை. ‘நீங்க பேசறதில்ல’ என்று எழுதாமல் ‘நாம பேசறதெல்லாம்’ என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். அடுத்த வாக்கியம் அவருடைய ஆசை. ஆசைக்கு எதிராக யாரும் வாதாட முடியாது.

‘ரிலீஸ் இருக்குன்னு தெரியும்’ என்பது கணவரின் வேலையில் உண்மையாகவே இருக்கும் நெருக்கடி. ‘நீங்க கஷ்டப்படறீங்கன்னு தெரியும், ஆனா...’ என்று ஆரம்பிப்பது பலருக்கும் பழக்கம். அந்த ‘ஆனா’ வந்ததுமே முன்னால் சொன்ன கரிசனம் ரத்தாகிவிடும். இந்தச் செய்தியில் ‘ஆனா’ இல்லை. தெரியும் என்று சொல்லி முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்.

கேட்டது வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். சிறியதுதான், ஆனால் கணவர் கையில் இருப்பது. ‘வேலையை மாத்துங்க’, ‘மேனேஜர்கிட்ட பேசுங்க’ என்று கேட்டிருந்தால் அவர் மூன்றாம் ஆளிடம் போய் நிற்க வேண்டும். குழந்தையை யார் பார்ப்பது என்ற சாக்கும் முன்பே தீர்ந்துவிட்டது. இதற்கு மாமியாரிடம் முதலில் பேசியிருக்க வேண்டும் என்பதுதான் இந்தச் செய்தியில் உள்ள கடினமான வேலை. கடைசி வரி மறுக்க வழிவிடுகிறது, அதே சமயம் வெறுமனே மறுத்துவிட்டுப் போகவும் விடுவதில்லை.

பதில் ‘சரி, பாக்கலாம்’ என்று வந்தால்? நம் ஊரில் அது நாகரிகமான ‘இல்லை’. இரண்டு நாள் விட்டு, ‘செவ்வாய்க்கிழமையே ஆரம்பிக்கலாமா?’ என்று ஒரு முறை கேட்கலாம். தினம் கேட்கத் தொடங்கினால் வேறொரு வலையில் விழுவீர்கள். ஒருவர் வற்புறுத்த வற்புறுத்த மற்றவர் ஒதுங்குவது, அவர் ஒதுங்க ஒதுங்க இவர் இன்னும் வற்புறுத்துவது. ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தச் சுழலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். நச்சரிப்பது பெண்களின் சுபாவம் என்று சிரிப்பு நிகழ்ச்சிகளில் சொல்வார்கள். யாருக்கு மாற்றம் தேவையோ அவர் துரத்துகிறார், இருப்பதே வசதி என்றிருப்பவர் ஒதுங்குகிறார் என்பது அந்த ஆய்வுகளில் கிடைத்த விளக்கங்களில் ஒன்று. மனைவிக்கு நைட் டூட்டி, கணவருக்கு ஒன்பது-ஐந்து வேலை என்றிருக்கும் நர்ஸ் வீடுகளில் துரத்துபவர் கணவராகவும் இருப்பார்.

செய்தியிலேயே வாக்குவாதம் கிளம்பினால் அங்கேயே நிறுத்திவிட்டு ‘நேர்ல பேசலாம்’ என்று எழுதுவது மேல். செய்தியின் வேலை ஒரு நேரத்தைப் பிடித்துத் தருவது மட்டும்தான். மனம்விட்டுப் பேசுவது மொட்டைமாடியில். அங்கேயும் முதல் செவ்வாயே ‘ஏன் இத்தனை நாள் இப்படி இருந்தீங்க’ என்று விசாரணை வைத்தால், வியாழக்கிழமைக்குத் திடீர் மீட்டிங் ஒன்று முளைத்துவிடும்.

சில வீடுகளில் இது வேலைக்கு ஆகாது. எப்படித் தெரியும்? வேலைப்பளு மெய்யாகவே குறைந்த மாதத்திலும் அவர் வீட்டில் ஒட்டாமல் இருந்தால், ரிலீஸ் முடிந்த மறுநாளே வேறொரு காரணம் வந்தால், வேலை ஒரு மறைப்பு. பணக்கவலையோ மனச்சோர்வோ வேறு பிணக்கோ பின்னால் இருக்கலாம். அப்போது கேட்க வேண்டியது நேரத்தை அல்ல, ‘என்ன ஆச்சு?’ என்பதை. அதற்கும் பதில் வராவிட்டால் குடும்ப ஆலோசகரைத் தேடலாம். பயந்துகொண்டே பேச வேண்டிய வீடாக இருந்தால், கை நீளும் வீடாக இருந்தால், வார்த்தையைத் திருத்துவது தீர்வே அல்ல. பெண்களுக்கான உதவி எண் 181-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

மற்றவர்களுக்கு நடைமுறையாக ஒன்று. இப்படிப் பிடித்த நேரம் நிரந்தரம் என்று இருந்துவிடாதீர்கள். மார்ச் இரண்டாவது ஞாயிறன்று அமெரிக்கக் கடிகாரம் மறுபடி முன்னால் நகரும், மீட்டிங் ஏழு மணிக்கே வந்துவிடும். பிப்ரவரி கடைசியிலேயே உட்கார்ந்து வேறு நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.