ப-ப-பலூன்: குழந்தை திக்குதா, பேசப் பழகுதா?

இன்னிக்கு எபிசோட், வீட்ல இரண்டுலருந்து நாலு வயசுக்குள்ள ஒரு வாண்டு இருக்கறவங்களுக்கு. நல்லா பேசிட்டிருந்த குழந்தை திடீர்னு ஒரு வாரம் "எனக்கு எனக்கு எனக்கு"ன்னு ஆரம்பிச்சு நிக்கும். வீட்ல உடனே இரண்டு கட்சி உருவாகிடும். ஒரு கட்சி, "அதெல்லாம் ஸ்கூல் போனா சரியாப் போயிரும், விடுங்க". இன்னொரு கட்சி, "அய்யோ, திக்குவாய் வந்துருச்சு". இரண்டு கட்சியும் பல நேரம் ஒரே விஷயத்தை விட்டுடறாங்க: குழந்தை எதைத் திரும்பத் திரும்பச் சொல்லுது, எப்படிச் சொல்லுதுன்னு உட்கார்ந்து கேக்கறது.

முதல்ல, இது ஏன் இந்த வயசுல வருது? இரண்டு வயசு தாண்டின குழந்தைக்குச் சொல்ல வேண்டியது வேகமா பெருகுது. நேத்து வரைக்கும் "பால் வேணும்". இன்னிக்கு "அமுச்சி வீட்ல குடிச்ச மாதிரி பால் வேணும்". வாக்கியம் நீளமாயிடுச்சு, ஆனா நாக்கு, உதடு, மூச்சு எல்லாத்தையும் சரியான நேரத்துல ஓட்டற வேலை இன்னும் பழகல. அதனால தலைல அடுத்த வார்த்தை தயாராகற வரைக்கும் கைல இருக்கற வார்த்தையையே திரும்பச் சொல்லும். "அப்பறம் அப்பறம்", "அந்த... ம்ம்... அந்தப் பலூன்", "நான் போய்... நாங்க போயி...". இது எல்லாமே சகஜம். பெரியவங்க நாமளும் மீட்டிங்ல இதைத்தான் பண்றோம்.

திக்கல் வேற மாதிரி இருக்கும். அங்க உடையறது வாக்கியம் இல்ல, வார்த்தையே உடையும். "ப-ப-ப-பலூன்"னு முதல் சத்தம் மட்டும் சுத்தும். இல்லன்னா "ம்ம்ம்ம்மாமா"ன்னு சத்தம் இழுக்கும். இல்லன்னா வாய் பலூனுக்குத் தயாரா மூடியிருக்கும், சத்தமே வராது. இந்த மூணாவதைத்தான் பல வீட்ல கவனிக்கறதில்ல. குழந்தை யோசிக்குதுன்னு நினைச்சுக்குவாங்க.

இங்க தமிழுக்குன்னு ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. நம்ம பேச்சுலயே அடுக்கு அதிகம். "வா வா வா", "குடு குடு"ன்னு அவசரத்துல குழந்தை சொல்றது திக்கல் இல்ல, அது ஆசை. ஆனா அவசரமே இல்லாம "நா-நா-நா-நான் சாப்ட்டேன்"னா அதைக் கணக்குல எடுத்துக்கணும், ஏன்னா "நான்" ஒரே அசை உள்ள வார்த்தை. "எனக்கு எனக்கு"ன்னு முழு வார்த்தையா வந்தா விட்டுடலாம். "எ-எ-எ-எனக்கு"ன்னா எண்ணணும்.

எண்ணணும்னு சொன்னேன்ல, எப்படின்னு பார்ப்போம். குழந்தை விளையாடிட்டே பேசறப்போ போன்ல மூணு நிமிஷம் வீடியோ எடுங்க. "இதைச் சொல்லு, அதைச் சொல்லு"ன்னு சொல்லிக்கொடுக்காதீங்க. அப்பறம் தனியா உட்கார்ந்து குழந்தை பேசின அசைகளை எண்ணுங்க. "பலூன்" இரண்டு அசை, "எனக்கு" மூணு. வார்த்தையை எண்ணாதீங்க, ஏன்னா "போயிட்டிருந்தாங்க"ங்கறது நமக்கு ஒரே வார்த்தை. இங்கிலீஷ்ல அதைச் சொல்ல மூணு, நாலு வார்த்தை வேணும். ஒரு வார்த்தைல எத்தனை தடவை சத்தம் சுத்தினாலும் அது ஒரு திக்கல்தான். 100 அசைக்கு இந்த மாதிரி சத்தத் திக்கல் மூணு, இல்ல அதுக்கு மேல வந்தா, அது பேசப் பழகற தடுமாற்றத்தைத் தாண்டுதுன்னு ஸ்பீச் தெரபிஸ்டுகள் எடுத்துக்கறாங்க.

நம்ம கணபதியிலருந்து ஒரு அம்மா இதைப் பண்ணிப் பார்த்தாங்க. அவங்க அனுமதியோட சொல்றேன், பேர் வேண்டாம். பையனுக்கு மூணு வயசு இரண்டு மாசம். தடுமாற ஆரம்பிச்சு அப்போ இரண்டு மாசம் ஆகியிருந்தது. முதல் வீடியோல சுமார் 200 அசை. 11 இடத்துல தடுமாற்றம். கேட்டவுடனே நிறையன்னு தோணும். பிரிச்சுப் பார்த்தா, ஏழு இடம் "அப்பறம் அப்பறம்" வகை. சத்தத் திக்கல் நாலுதான், அதாவது 100-க்கு இரண்டு. அதுவும் "ப-ப-பலூன்"னு ஒரு சுத்து, இரண்டு சுத்துல வெளிய வந்துடுது. முகத்துல எந்தச் சிரமமும் இல்ல. சரி, கவனிக்கலாம்.

ஆனா ஒரு விஷயம் இருந்தது. பையனோட தாய்மாமாவுக்குத் திக்கல் இருக்கு, பெரியவரானப்பறமும் போகல. இது முக்கியமான தகவல். திக்கல்ல பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கு. குடும்பத்துல யாருக்காவது வந்து நின்னிருந்தா, குழந்தைக்கும் நிக்கற வாய்ப்பு கூடும். ஆம்பளப் பசங்களுக்குப் பொம்பளப் பிள்ளைங்களைவிட அதிகம். மூணரை வயசுக்கு அப்பறம் ஆரம்பிச்சா அதுவும் ஒரு எச்சரிக்கை.

அதனால அந்த அம்மா ஒரு நோட்டு போட்டாங்க. தினமும் ராத்திரி ஒரே ஒரு எண். 0-ன்னா திக்கலே இல்ல, 9-ன்னா ரொம்பக் கடுமை. ஒரு நாள் எண்ணை வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது, ஏன்னா திக்கல் ஏறி இறங்கும். தூக்கம் கெட்டா, கல்யாண வீட்டுக் கூட்டத்துல இருந்தா அன்னிக்கு ஏறும், மறுநாள் காணாமப் போகும். பார்க்க வேண்டியது வாரக் கணக்கு. அவங்க நோட்டுல ஆறு வாரத்துச் சராசரி இப்படி இருந்தது: 2, 3, 2, 4, 5, 5. ஆறாவது வார வீடியோல, அதே 200 அசைக்கு, சத்தத் திக்கல் 13. சுத்து நாலஞ்சு ஆயிடுச்சு. சில வார்த்தைக்குக் கண்ணை இறுக்கி மூடறான். அந்த வாரத்துல ஒரு நாள் பாதியில நிறுத்தி, "நீயே சொல்லும்மா"ன்னுட்டான்.

அந்த ஒரு வரிதான் என்னைப் பொறுத்தவரை எல்லா எண்ணையும் விடப் பெருசு. பேச வரலன்னு குழந்தைக்கே தெரிஞ்சிடுச்சு, அதனால பேச்சைக் கைமாத்துது. அதுக்கு மேல வெயிட் பண்ண வேண்டியதில்ல. அவங்க அந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் வாங்கினாங்க.

"ஆனா முக்கால்வாசிப் பேருக்குத் தானா போயிடுமே?"ன்னு கேப்பீங்க. உண்மைதான். சின்ன வயசுல திக்க ஆரம்பிக்கற நாலு குழந்தைல சுமார் மூணு பேருக்குச் சரியாயிடுது, பலருக்குச் சில மாசத்துலருந்து சில வருஷத்துக்குள்ள. சிக்கல் என்னன்னா, நம்ம குழந்தை அந்த மூணுல ஒண்ணா, மிச்ச ஒண்ணான்னு ஆரம்பத்துல யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. பள்ளிக்கூட வயசு தாண்டிட்டா மாத்தறது கஷ்டமாகுது. அதனால நடைமுறை இதுதான்: குடும்பத்துல யாருக்கும் இல்ல, எண்ணிக்கை குறைஞ்சுட்டு வருது, குழந்தை கண்டுக்காம பேசிட்டே இருக்குன்னா, ஆறு மாசம் வரைக்கும் நோட்டோட காத்திருக்கலாம். வாய் அடைக்குது, முகம் இறுகுது, பேசவே தயங்குது, வாராவாரம் ஏறுதுன்னா மாசக் கணக்கே வேண்டாம், போயிடுங்க. மூணரை வயசுக்கு மேல ஆரம்பிச்சிருந்தாலும், மத்தப் பேச்சும் வயசுக்குக் குறைவா இருந்தாலும் அப்படித்தான். காய்ச்சல், வலிப்பு, தலைல அடி, புது மாத்திரை இதுக்கப்பறம் திடீர்னு வந்திருந்தா, முதல்ல குழந்தை டாக்டர்.

இதுக்கு நடுவுல வீட்ல என்ன பண்றது? "மெதுவா பேசு சாமி", "மூச்சு விட்டுட்டுச் சொல்லு", இதை நிறுத்துங்க. வேகத்தைக் குறைக்க வேண்டியது நாமதான். குழந்தை முடிச்சதும் ஒரு நொடி விட்டு, நிதானமா, சின்ன வாக்கியமா பதில் சொல்லுங்க. வார்த்தையை எடுத்துக்கொடுக்காதீங்க. விருந்தாளி வந்தா "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக்காட்டு"ங்கறதைக் கொஞ்ச நாள் தள்ளி வைங்க. குழந்தையே கேட்டா மறைக்காதீங்க: "ஆமா கண்ணு, அந்த வார்த்தை கொஞ்சம் ஒட்டிக்கிச்சு, பரவால்ல." அப்பறம் வசம்பு. நாக்குல தடவினா பேச்சு திருந்தும்னு பாட்டிங்க சொல்வாங்க. திக்கல் நாக்கு தடிச்சதால வர்றது இல்லைங்க, நாக்குல தடவி எடுக்கறதுக்கு. கோயமுத்தூர்ல பாதி வீட்ல தமிழோட தெலுங்கு, கன்னடம், மலையாளம்னு இன்னொரு மொழி ஓடுது. அதாலயும் திக்கல் வர்றதில்ல. வீட்டு மொழியை நிறுத்த வேண்டாம்.

திட்டறது எவ்வளவு தூரம் போகும்னு காட்ட ஒரு கெட்ட உதாரணம் இருக்கு. 1939-ல அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துலருந்து, டேவன்போர்ட் ஊர் அநாதை இல்லத்துல 22 குழந்தைங்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க. நல்லா பேசிட்டிருந்த சில குழந்தைங்ககிட்டயே "உனக்குத் திக்குது, சரியா பேச வராட்டி பேசாத"ன்னு மாசக்கணக்கா சொன்னாங்க. அதுல அவங்க திக்குவாய் ஆனாங்கன்னு நிரூபிக்க முடியல. ஆனா பல குழந்தைங்க பேசறதையே குறைச்சிட்டாங்க. 2001-ல பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டுச்சு. அதாவது, பெத்தவங்க வளர்ப்பால திக்கல் வர்றதில்ல. குத்திக்காட்டினா பேச்சு அடங்கும்.

சரி, எங்க போறது? பட்டம் பி.ஏ.எஸ்.எல்.பி. அல்லது எம்.எஸ்சி.; ஆர்.சி.ஐ. பதிவு எண் கேளுங்க, தயங்க வேண்டாம். காசு கஷ்டம்னா, அரசோட டி.ஈ.ஐ.சி.-ங்கற மாவட்டக் குழந்தைகள் மையம் இருக்கு, ஆறு வயசு வரைக்கும் இலவசம். ஜி.எச்.-ல குழந்தைகள் வார்டுல விசாரிச்சா வழி சொல்வாங்க. இந்தியாவுல இந்தத் துறைக்குப் பெரிய இடம் மைசூருல இருக்கற அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம். நம்ம கணபதி வழியா போற அதே சத்தி ரோட்டைப் பிடிச்சு, திம்பம் ஏறி, சாம்ராஜ்நகர் வழியா போயிடலாம்.

முதல் நாள் தெரபிஸ்ட் என்ன பண்ணுவாங்க? குழந்தையோட தரையில உட்கார்ந்து விளையாடுவாங்க. அவ்வளவுதான் குழந்தைக்குத் தெரியும். உங்ககிட்ட எப்போ ஆரம்பிச்சது, குடும்பத்துல யாருன்னு கேப்பாங்க. கிளினிக்ல பல குழந்தைங்க திக்கவே திக்காது, அதனால வீட்டு வீடியோவும் நோட்டும் கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க.

இந்த வயசுக்கு நிறைய ஆதாரம் இருக்கற முறை லிட்கோம்ப். சிட்னியோட ஒரு புறநகர் பேரு அது. இதுல தெரபி பண்றது அம்மா அப்பாதான். தினமும் 10, 15 நிமிஷம் விளையாட்டுல, சரளமா வந்த வாக்கியத்தை "அது வழுவழுன்னு வந்துச்சே"ன்னு சொல்றது. திக்கினதை எப்பவாவது மட்டும் மெதுவாத் தொடறது. வாரம் ஒரு தடவை தெரபிஸ்ட் பார்த்து, எந்த அளவுக்குச் சொல்லலாம்னு திருத்துவாங்க. யூட்யூப் பார்த்து நீங்களே ஆரம்பிச்சா, அது குத்திக்காட்டறதா மாறிடும். 2005-ல நியூசிலாந்துல 54 குழந்தைங்களை வச்சுப் பரிசோதிச்சாங்க. ஒன்பது மாசத்துல, சிகிச்சை எடுத்தவங்கள்ல பாதிப் பேருக்குத் திக்கல் கிட்டத்தட்ட இல்லாம போச்சு. எடுக்காதவங்கள்ல 100-க்கு 15 பேருக்குத்தான் அப்படி ஆச்சு. அந்த 15-ம் சும்மா விட்டே சரியானவங்கதான். மிச்சப் பாதிப் பேருக்கு இன்னும் நாள் எடுக்கும். அதையும் தெரபிஸ்ட் முதல்லயே சொல்லிடணும்.

கணபதிப் பையன் இப்போ நாலாவது வாரத்துல இருக்கான். நோட்டுல போன வாரச் சராசரி 4.